42 குடும்பங்கள், 30 மில்லியன் சொற்கள்: எதை மறுப்பது, எதை வைத்துக்கொள்வது?

வாணி_பட்டர்வொர்த் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாக முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டில் உள்ள பி40 குடும்பங்களில் பெற்றோர் குழந்தைகளோடு எவ்வளவு பேசுகிறார்கள், அதற்கும் பாலர் வகுப்பில் நுழையும்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும் தமிழ்ச் சொற்களுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் தலைப்பு.

இந்தத் துறையில் எதைத் திறந்தாலும் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் கன்சாஸ் நகரத்தில் செய்து 1995-இல் நூலாக வெளியிட்ட ஆய்வுதான் முதலில் வருகிறது. ஏழைக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் 30 மில்லியன் சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற புகழ்பெற்ற எண் அதிலிருந்து வந்தது. முன்னாய்வுப் பகுதியில் அதைப் பற்றி நான் எழுதிய பத்தி இது:

"இவ்வாய்வில் 42 குடும்பங்கள் மட்டுமே இடம்பெற்றன. அவற்றுள் அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்கள் ஆறு மட்டுமே. மாதிரி மிகச் சிறியது. அமெரிக்காவின் ஒரே நகரத்தைச் சேர்ந்தது. எனவே இதன் முடிவுகளை மலேசியச் சூழலுக்கு ஏற்க இயலாது."

மேற்பார்வையாளர் ஓரத்தில் சிவப்பு மையில், "இரண்டு பக்கத்துக்கு முன்னால் இதே ஆய்வைக் காட்டித்தான் உங்கள் ஆய்வின் தேவையை நிறுவியிருக்கிறீர்கள். இங்கே அதைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். உங்கள் நிலைதான் என்ன?" என்று எழுதிவிட்டார். அவர் சொல்வது சரியென்றே தெரிகிறது. ஆனால் குறைகளைச் சொல்லாமலும் இருக்க முடியாது. சொன்னால் முடிவுகளைத் தள்ளுவதாகவே வந்து நிற்கிறது. எப்படி எழுதுவது?

குமரன்_பினாங்கு எழுதியது:

வணக்கம் வாணி. உங்கள் பத்தியில் தவறேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆதாரம் சேர்த்தால் போதும். கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையை நாம் எல்லாரும் பயன்படுத்தியிருக்கிறோம். மக்கள்தொகை பத்து லட்சம் என்றால் 384 பேர் மாதிரியில் இருக்க வேண்டும். இங்கே இருப்பது 42. ஆக, மாதிரி போதாது என்பதை அட்டவணையே நிறுவிவிடுகிறது. என் ஆய்வேட்டில் இப்படித்தான் எழுதினேன். வாய்மொழித் தேர்விலும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

சேகரன்_சுங்கை_ஆரா எழுதியது:

குமரன், யாரும் கேட்காதது உங்கள் அதிர்ஷ்டம். அந்த அட்டவணை, ஒரு மக்கள்தொகையில் இன்ன விழுக்காட்டினர் இப்படி இருக்கிறார்கள் என்று ஐந்து விழுக்காட்டுப் பிழைக்குள் மதிப்பிட எத்தனை பேரைச் சமவாய்ப்பு முறையில் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்வது. ஒவ்வொரு குடும்பத்தின் வீட்டிற்கும் மாதம் ஒரு மணி நேரம் என இரண்டரை ஆண்டுகள் போய் உட்கார்ந்து, பேச்சைப் பதிவுசெய்து, ஒவ்வொரு சொல்லையும் எழுத்தாக்கிய ஆய்வுக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது. தெரிந்தவர்கள் மூலம் பிடித்த 384 பேரைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுத்த 42 குடும்பங்கள் எவ்வளவோ மேல். நான் ஓய்வுபெறும்வரை ஆய்வேடுகளைத் திருத்தியவன். "மாதிரி சிறியது" என்ற வாக்கியத்தை அடித்து அடித்தே என் பேனா தேய்ந்தது. அதை எந்த ஆய்வின் மேலும் ஒட்டலாம். அதனாலேயே அது எந்த ஆய்வைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

வாணி, அந்த ஆய்வை ஒரே முடிவாகப் பார்ப்பதிலிருந்துதான் உங்கள் சிக்கல் தொடங்குகிறது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு கூற்றுகள் இருக்கின்றன. அடியில் இருப்பது, பதிவுசெய்த மணி நேரங்களில் குழந்தையை நோக்கிப் பேசப்பட்ட சொற்களின் சராசரி: தொழில்முறை வல்லுநர்களான பெற்றோரின் வீடுகளில் மணிக்கு 2,153, தொழிலாளர் குடும்பங்களில் 1,251, உதவித்தொகை பெறும் வீடுகளில் 616. அதற்கு மேல், இந்த எண்களை நான்கு ஆண்டுகளுக்குப் பெருக்கி எடுத்த 30 மில்லியன். அதற்கும் மேல், மூன்று வயதில் இருந்த சொல்வளர்ச்சி பின்னாளைய பள்ளி மொழித்திறனோடு தொடர்புடையது என்பது. உச்சியில் இருப்பது, இது எங்கும் உள்ள ஏழைக் குடும்பங்களுக்குப் பொருந்தும் என்பது. இந்தக் கடைசிக் கூற்றை அவர்களைவிட மேற்கோள் காட்டுவோர்தான் அதிகம் சொல்கிறார்கள்.

மாதிரியில் உள்ள குறை இந்த நான்கையும் ஒரே அளவுக்குத் தாக்குவதில்லை. ஒவ்வொரு குறையைச் சொல்லும்போதும் அது எந்தக் கூற்றைத் தாக்குகிறது, அதை எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு தள்ளும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த மூன்றுக்கும் விடை எழுதினாலே உங்கள் பத்தி நியாயமான விமர்சனமாகிவிடும்.

ராஜம்_நிபோங்_திபால் எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இந்தப் பேச்சே வருத்தமாக இருக்கிறது. ஏழைகள் பிள்ளைகளிடம் பேசுவதில்லை என்று எந்த ஊர்க்காரர் எழுதினால் என்ன? நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அம்மா விடியற்காலை நான்கரைக்குப் பால் மரம் வெட்டக் கிளம்பிவிடுவார்; திரும்பி வந்தபின் களைப்பில் என்னிடம் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் பாட்டி இருந்தார், பக்கத்து வீட்டு அத்தை இருந்தார், குழாயடியில் நாளெல்லாம் ஊர்க்கதை ஓடும். நான் மடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னுடைய தமிழ் அங்கிருந்து வந்ததுதான். இன்று என் பேரன் கொண்டோமினியத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் பேசக் கேட்டு வளர்கிறான்; அவனுக்கு "முறம்" என்றால் தெரியவில்லை. இந்த ஆய்வு யாரை ஏழை என்கிறது?

வாணி_பட்டர்வொர்த் எழுதியது:

ராஜம் அம்மா, ஏழைகள் பேசுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆய்வைப் பற்றி எப்படி எழுதுவது என்பதே என் கேள்வி. ஆனாலும் நீங்கள் சொன்னது மனத்தில் தைக்கிறது. குழாயடிப் பேச்சு அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்காதுதானே?

தேவி_ஜெலுத்தோங் எழுதியது:

சேர்ந்திருக்காது, அதைத்தான் 2018-இல் ஸ்பெர்ரி குழுவினர் காட்டிவிட்டார்களே. அமெரிக்காவில் ஐந்து வெவ்வேறு சமூகங்களின் பதிவுகளை எடுத்து, முதன்மையாகப் பார்த்துக்கொள்பவர் பேசியது, வீட்டில் மற்றவர்களும் குழந்தையிடம் பேசியது, சுற்றிலும் குழந்தை காதில் விழப் பேசப்பட்டது என்று மூன்று விதமாக எண்ணினார்கள். ஒரே வருமானப் பிரிவுக்குள்ளேயே பெரிய வேறுபாடு வந்தது; அலபாமாவின் ஏழைக் கறுப்பினச் சமூகத்தில் குழந்தைகள் கேட்ட சொற்கள் ஹார்ட்-ரிஸ்லி சொன்னதைவிட மிக அதிகம். ஆக 30 மில்லியன் இடைவெளி பொய் என்று நிறுவியாகிவிட்டது. வாணி, அந்த ஆய்வை ஒரு வரியில் காட்டிவிட்டு, ஹார்ட்-ரிஸ்லி மறுக்கப்பட்டுவிட்டது என்று எழுதிவிடுங்கள். வேலை முடிந்தது.

சேகரன்_சுங்கை_ஆரா எழுதியது:

தேவி, தகவல் சரி; முடிவு அதைவிட ஒரு படி முன்னால் ஓடிவிட்டது. ஸ்பெர்ரி குழுவினரின் ஆய்வில், ஹார்ட்-ரிஸ்லி ஒப்பிட்ட தொழில்முறை வல்லுநர் குடும்பங்கள் இல்லை. இடைவெளியின் மேல் கரை இல்லாமல் இடைவெளியே இல்லை என்று எப்படிச் சொல்வது? இதைக் கோலிங்காஃப் குழுவினர் உடனேயே சுட்டிக்காட்டினார்கள். எண்ணும் முறையும் மாறியிருக்கிறது. காதில் விழுந்ததையும் சேர்த்தால் எண் கூடுவது இயல்பு. வைஸ்லெடர், ஃபெர்னால்டு இருவரும் 2013-இல் ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடும்பங்களின் 29 குழந்தைகளை நாள் முழுக்கப் பதிவுசெய்தபோது, குழந்தையை நோக்கிப் பேசிய பேச்சே பின்னாளைய சொல்வளத்தோடு தொடர்பு காட்டியது. காதில் விழுந்த பேச்சு காட்டவில்லை.

இன்னொன்று. ஸ்பெர்ரி ஆய்விலும் குழந்தைகள் 42 பேர்தான். மாதிரி சிறியது என்று ஒன்றைத் தள்ளிவிட்டு அதே அளவுள்ள இன்னொன்றை ஆதாரமாகக் காட்டினால், தேர்வாளர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

ராஜம் அம்மா சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. அது ஹார்ட்-ரிஸ்லியின் எண்ணைப் பொய்யாக்காது. அவர்கள் எதை எண்ணவில்லை என்பதைக் காட்டுகிறது. "ஏழை வீட்டுக் குழந்தை கேட்ட சொற்கள்" என்று எழுதினால் தவறு. "குழந்தையை நோக்கிப் பேசப்பட்ட சொற்கள்" என்று எழுதினால் சரி. பல மேற்கோள்களில் இந்த ஒரு சொல்தான் நழுவிவிடுகிறது.

ராஜம்_நிபோங்_திபால் எழுதியது:

ஸ்பானியக் குழந்தைகளுக்கு எப்படியோ, நான் குழாயடியில் கற்றேன். அதை எந்தப் பதிவுக் கருவியும் மாற்றப்போவதில்லை.

குமரன்_பினாங்கு எழுதியது:

சேகரன் ஐயா, அட்டவணையை விட்டுவிடுகிறேன். ஆனால் ஆறு குடும்பம் ஆறு குடும்பம்தானே? எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளும் என்கிறீர்கள். அதைக் கணக்கிட்டுக் காட்ட முடியுமா, இல்லை வாய்ச்சொல்லோடு நிற்குமா?

சேகரன்_சுங்கை_ஆரா எழுதியது:

நல்ல கேள்வி. தாளின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆறு வீடுகளின் சராசரி 616. அவற்றுள் ஒன்று தற்செயலாக வந்து சேர்ந்தது, அதற்குப் பதில் தொழிலாளர் குடும்பங்களைப் போல மணிக்கு 1,250 சொல் பேசும் ஒரு வீடு வந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி நிலையில் இருந்த ஒரு வீட்டை அப்படி மாற்றினால் புதிய சராசரி ஏறத்தாழ 722 ஆகும். கூடியது 106. இப்போதும் அது 2,153-இல் மூன்றில் ஒரு பங்குதான். அதாவது, ஆறு வீடுகளே என்ற குறை முதல் கூற்றை அசைக்கிறது, ஆனால் கவிழ்க்கவில்லை. வல்லுநர் வீடுகளில் குழந்தையிடம் அதிகம் பேசினார்கள் என்பது நிற்கிறது.

அதே 106-ஐ இரண்டாம் கூற்றுக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் வாரத்திற்கு 100 விழிப்பு மணி நேரம் என்று வைத்து, ஆண்டுக்கு 5,200, நான்கு ஆண்டுக்கு 20,800 மணி நேரம் என்று பெருக்கினார்கள். 106-ஐ 20,800-ஆல் பெருக்கினால் 2.2 மில்லியன் சொற்கள். ஒரே ஒரு வீடு மாறியதற்கே மொத்தம் இவ்வளவு நகர்கிறது. போதாததற்கு, ஒரு வீட்டில் உண்மையில் பதிவானது முப்பது மணி நேரம் போல. அதுவும் மூன்று வயது வரைதான். நான்காம் ஆண்டு முழுக்க ஊகம். பார்வையாளர் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் இருந்த வேகத்திலேயே விழித்திருக்கும் நேரமெல்லாம் பேச்சு ஓடியது என்பதும் ஊகம்தான்.

ஆகவே நீங்கள் தாக்க வேண்டியது 30 மில்லியன் என்ற பெருக்கல் கணக்கை. மணிக்கணக்கு வேறுபாட்டை அல்ல. பின்னால் வந்த சான்றும் இதற்குத் துணைநிற்கிறது. கில்கர்சன் குழுவினர் 2017-இல் 329 குடும்பங்களில், குழந்தையின் சட்டையில் வைக்கும் கருவியால் நாள் முழுக்கப் பதிவுசெய்தபோது, மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் நான்கு வயதில் ஏறத்தாழ 4 மில்லியன் சொற்கள் வேறுபாடு வந்தது. திசை அதே, அளவு வெகுவாகக் குறைவு. ஆனால் அக்கருவி அருகில் பேசும் பெரியவர்களின் சொற்களையெல்லாம் எண்ணும். அவர்களுடைய பிரிவுகளும் தாயின் கல்வியை வைத்து அமைந்தவை. ஆகவே 30-ஐயும் 4-ஐயும் நேருக்கு நேர் நிறுத்தி, ஏழு மடங்கு மிகைப்படுத்திவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

வாணி_பட்டர்வொர்த் எழுதியது:

இப்போது விளங்கத் தொடங்குகிறது, ஐயா. அந்த ஆறு குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்கள் என்று படித்தேன். வல்லுநர் பிரிவின் 13 குடும்பங்களில் ஒன்றே ஒன்றுதான் அப்படி. அதையும் மாதிரிக் குறையாக எழுதலாமா?

சேகரன்_சுங்கை_ஆரா எழுதியது:

கட்டாயம் எழுதுங்கள், மாதிரியின் அளவைவிட இதுதான் கனமான குறை. வருமானத்தின் விளைவையும் இனப் பின்னணியின் விளைவையும் அந்த மாதிரியைக் கொண்டு பிரிக்க முடியாது. வெளியார் ஒருவர் பதிவுக் கருவியோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த வீட்டில் பேச்சு அடங்கும், எந்த வீட்டில் கூடும் என்பதும் இதோடு சேர்ந்துவிடுகிறது. ஏழை வீடுகளில் பேச்சு அடங்கியிருந்தால் இடைவெளி பெரிதாகத் தெரிந்திருக்கும். ஆனால் மறுபக்கமும் உண்டு. பல ஆண்டுகள் இடம்பெயராமல் இருக்கக்கூடிய, தொலைபேசி உள்ள, நிலையான குடும்பங்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அப்படியானால் வந்த ஏழைக் குடும்பங்கள், ஏழைகளிலேயே சற்று நிலையானவை. இது இடைவெளியைச் சிறிதாக்கியும் காட்டியிருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமான பக்கம் தள்ளும் குறையை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விழுங்குவதுதான் நியாயமற்ற விமர்சனத்தின் அடையாளம். படித்தவர் உடனே கண்டுகொள்வார்.

தேவி_ஜெலுத்தோங் எழுதியது:

மூன்றாம் கூற்றை நீங்கள் தொடவே இல்லையே, ஐயா. மூன்றாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்தது 29 பிள்ளைகளை மட்டும். மூன்று வயதுச் சொல்வளர்ச்சிக்கும் ஒன்பது வயதில் வைத்த சொல்லறிவுத் தேர்வுக்கும் ஒட்டுறவு 0.58 என்கிறார்கள். 29 பேரை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? இங்கே என் பக்கம் நியாயம் இருக்கிறது.

சேகரன்_சுங்கை_ஆரா எழுதியது:

இருக்கிறது. 29 பேரில் 0.58 என்றால், 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.27 முதல் 0.78 வரை விரிகிறது. நடுத்தரத்துக்கும் கீழான தொடர்பாகவும் இருக்கலாம், மிக வலுவான தொடர்பாகவும் இருக்கலாம். கீழ் எல்லையும் சுழியைத் தொடவில்லை என்பதைப் பாருங்கள். ஆகவே "தொடர்பு உண்டு, அதன் வலிமையைத் துல்லியமாகச் சொல்ல இம்மாதிரி போதாது" என்று எழுதலாம். இங்கே மாதிரியின் அளவைக் குறையாகச் சொல்வது பொருந்தும், ஏனென்றால் அது எதைத் தளர்த்துகிறது என்று கூடவே சொல்லிவிட்டீர்கள். தொடர்பு இருப்பதாலேயே பேச்சுதான் காரணம் என்று ஆகிவிடாது என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். வீட்டில் புத்தகம், பெற்றோரின் படிப்பு எல்லாம் கூடவே வருகின்றன.

குமரன்_பினாங்கு எழுதியது:

நான்காவதைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. தமிழில் சொல்லை எண்ணுவதே வேறு கணக்கு. என் மனைவி மகனைப் பார்த்து நாளுக்குப் பத்து முறை சொல்வது: "அடுப்புப் பக்கம் போகாதே, சுட்டுடும்." நான்கு சொல். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் ஒன்பது சொல் வரும். அப்படியானால் கன்சாஸ் கணக்கில் எங்கள் வீடும் ஏழை வீடாகிவிடும். அந்த ஆய்வின் முறையே தவறு என்பதற்கு இது போதாதா?

சேகரன்_சுங்கை_ஆரா எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு, குமரன். ஆனால் குற்றவாளியை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். அவர்கள் ஆங்கிலம் பேசும் வீடுகளை ஆங்கிலம் பேசும் வீடுகளோடு ஒப்பிட்டார்கள். ஒரே அளவுகோல் இரு பக்கமும் இருந்தது. ஒட்டுநிலை மொழியான தமிழுக்கும், அதிலும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் நம் வீடுகளுக்கும் 2,153, 616 என்ற எண்களை அப்படியே கொண்டுவந்து "நம் பெற்றோர் இவ்வளவு பேச வேண்டும்" என்று எழுதுபவரின் தவறு அது. ஆய்வின் குறை வேறு, அதை மேற்கோள் காட்டுபவரின் குறை வேறு. வாணியின் பழைய பத்தியில் "மலேசியச் சூழலுக்கு ஏற்க இயலாது" என்று இருந்தது இரண்டாவது வகை. அதற்கான காரணமாக அவர் காட்டிய "ஒரே நகரம், ஆறு குடும்பம்" முதல் வகை. காரணமும் முடிவும் வெவ்வேறு வழியில் போகின்றன. குமரனின் அடுப்பு வாக்கியம்தான் வாணிக்கு வேண்டிய காரணம்.

வாணி_பட்டர்வொர்த் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு இரவு உட்கார்ந்து மாற்றி எழுதினேன். குறைகளைச் சொல்லுங்கள்:

"கன்சாஸ் நகரத்தின் 42 குடும்பங்களை இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹார்ட், ரிஸ்லி ஆகியோர், குழந்தையை நோக்கிப் பேசப்பட்ட சொற்களின் எண்ணிக்கை குடும்பப் பின்னணிக்கேற்ப மூன்று மடங்குக்கும் மேல் வேறுபட்டதைப் பதிவுசெய்தனர். கீழ்ப் பிரிவில் ஆறு குடும்பங்களே இருந்தபோதிலும், அவற்றுள் ஒன்று மாறியிருந்தாலும் மறையாத அளவுக்கு இவ்வேறுபாடு பெரியது. எனினும் அந்த ஆறு குடும்பங்களும் ஒரே இனப் பின்னணியைச் சேர்ந்தவையாதலால், வேறுபாட்டை வருமானத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்ள இயலாது. 30 மில்லியன் என்ற எண், ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ முப்பது மணி நேரப் பதிவை 20,800 மணி நேரத்துக்கு விரித்துப் பெற்றது. சிறு மாற்றமும் அதைப் பெரிதும் நகர்த்துமாதலால் இவ்வாய்வேடு அவ்வெண்ணைப் பயன்படுத்தவில்லை. குழந்தையின் காதில் விழுந்த பிறர் பேச்சு அதில் எண்ணப்படவில்லை. தமிழில் ஒரு சொல் ஏற்கும் பொருளளவு ஆங்கிலச் சொல்லினின்று வேறுபடுவதால், அவ்வெண்கள் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை. வீடுகளுக்கிடையே வேறுபாடு உண்டு என்ற கண்டறிதலே இவ்வாய்வேட்டின் தொடக்கப்புள்ளி."

தேவி_ஜெலுத்தோங் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 30 மில்லியனைப் பயன்படுத்தவே இல்லை என்றால், தேர்வாளர் புகழ்பெற்ற எண்ணை மறைத்துவிட்டதாக நினைக்க மாட்டாரா? நானாக இருந்தால் எண்ணைக் கொடுத்து, பக்கத்திலேயே கணக்கையும் காட்டுவேன்.

சேகரன்_சுங்கை_ஆரா எழுதியது:

எண்ணைச் சொல்லி, ஏன் பயன்படுத்தவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்; அது மறைப்பதாகாது. எனக்கு உறுத்துவது "தொடக்கப்புள்ளி" என்ற சொல். நிலையான குடும்பங்களாகத் தேர்ந்தெடுத்தது, பார்வையாளர் உட்கார்ந்திருந்தது இரண்டும் பத்தியில் இல்லை. இரண்டு பக்கம் தள்ளும் குறைகள் அவை. அவற்றைச் சேர்த்தால் அந்தச் சொல் தாங்குமா என்று பாருங்கள்.

ராஜம்_நிபோங்_திபால் எழுதியது:

காதில் விழுந்த பேச்சைப் பற்றி ஒரு வரி வந்துவிட்டது. எனக்கு அது போதும். ஆனால் வாணி, உங்கள் ஆய்வில் வீட்டுக்குப் போகும்போது பாட்டியையும் எண்ணுவீர்களா?

வாணி_பட்டர்வொர்த் எழுதியது:

அம்மா, படிவத்தில் "பெற்றோர்" என்றுதான் இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன்.